ஆறு வாரம் தாண்டியும் விடாத தடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணு மாசமா சாயங்காலம் ஆனா உடம்பெல்லாம் திட்டுத்திட்டா தடிச்சு அரிக்குது. காலையில பார்த்தா ஒண்ணுமே இல்ல. இது என்ன அலர்ஜி டாக்டர்?

ஊர்ப்பக்கம் இதைக் காணாக்கடி என்பார்கள். மருந்துச் சீட்டில் 'க்ரானிக் அர்டிகேரியா' என்று எழுதியிருக்கும். தடிப்பு ஆறு வாரத்துக்கு மேல் தினமுமோ விட்டுவிட்டோ வந்துகொண்டே இருந்தால்தான் அந்தப் பெயர். ஆறு வாரம் என்ற எல்லைக்குக் காரணம் உண்டு. வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னாலோ, ஒரு மருந்தினாலோ, ஒரு உணவினாலோ வரும் தடிப்பு சில நாளில், அதிகம் போனால் சில வாரத்தில் அடங்கிவிடும். அதையும் தாண்டித் தொடர்ந்தால், பெரும்பாலும் வெளியிலிருந்து எதுவும் அதைத் தூண்டிக்கொண்டிருக்கவில்லை என்றே பொருள்.

நடப்பது இதுதான். தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்ற அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சேமித்து வைத்திருக்கின்றன. அது வெளியே கொட்டினால் அந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. தோல் தடித்துச் சிவந்து அரிக்கிறது. இறால் ஒவ்வாதவருக்கு இறால் சாப்பிட்டதும் இந்தக் கொட்டல் நடக்கும். நாள்பட்ட தடிப்பிலோ பலருக்கு அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே மாஸ்ட் செல்களைச் சீண்டுகிறது. உடம்பு தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இந்த நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுவது இதனால்தான்.

எந்த நேரத்திலும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இருமடங்கு வருகிறது, அதிலும் 20 முதல் 40 வயதுக்குள் அதிகம். தொற்றாது, ரத்தம் கெட்டதால் வருவதும் இல்லை. பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் தானாக விலகும். அதுவரை அரிப்பும் தூக்கமின்மையும் இல்லாமல் வைத்திருப்பதே சிகிச்சையின் நோக்கம்.

எப்போ பயப்படணும்? தொண்டை அடைச்சுக்குமோன்னு ராத்திரி தூக்கமே வரல.

நாள்பட்ட தடிப்பில் உதடும் இமையும் வீங்குவது அடிக்கடி நடக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். அது மூச்சை அடைக்கும் நிலைக்குப் போவது மிக அரிது. ஆனால் தடிப்போடு மூச்சுத்திணறல், குரல் மாறுதல், நாக்கு வீக்கம், தலைசுற்றி விழுதல், விடாத வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் அது வேறு விஷயம். மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி.

வேறு இரண்டு அடையாளங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணத் தடிப்பு ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காது. பேனாவால் ஒரு தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு மறுநாள் அதே நேரம் பாருங்கள். கோட்டுக்குள் அது அப்படியே இருந்தாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாக இருந்தாலோ, மறைந்த இடத்தில் கன்றிய கறை விட்டாலோ, கூடவே காய்ச்சல், மூட்டுவலி இருந்தாலோ, ரத்தக்குழாய் அழற்சியா என்று தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இன்னொன்று, தடிப்போ அரிப்போ எதுவும் இல்லாமல் வீக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வருவது. அப்படியென்றால் ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனாலாப்ரில் வகை மாத்திரை எடுக்கிறீர்களா என்று பாருங்கள். அவை உண்டாக்கும் வீக்கத்துக்கும் ஹிஸ்டமினுக்கும் தொடர்பில்லை, அலர்ஜி மாத்திரைக்கு அது கேட்காது. உடனே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எதைச் சாப்பிட்டா வருதுன்னு டைரி போட்டு எழுதுறேன். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால்னு ஒவ்வொண்ணா நிறுத்திட்டேன். அப்பவும் பிடிபடலையே?

டைரியில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இந்த நோயின் போக்கே அப்படி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாரத்தில் 5 நாள் தடிப்பு வருகிறது என்று வைப்போம். கத்தரிக்காய் வாரத்தில் 2 நாள் சமைக்கிறீர்கள். தடிப்புக்கும் கத்தரிக்காய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், அந்த 2 நாளும் தடிப்பு வந்த நாளாகவே அமைய 21-ல் 10 வாய்ப்பு இருக்கிறது, ஏறக்குறைய சரிபாதி. அந்த வாரம் டைரியைப் பார்த்தால் "கத்தரிக்காய் சாப்பிட்ட போதெல்லாம் வந்தது" என்று தோன்றும். வாரம் இரண்டு முறை உங்கள் சமையலில் சேரும் பொருள் பத்து இருந்தால் அவற்றில் ஏறத்தாழ ஐந்து இப்படி மாட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் வேறு ஐந்து. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றின் மேல் சந்தேகம் போகும். பட்டியல் வளருமே தவிர முடியாது.

இரண்டாவது சிக்கல், இந்த நோய் தானாகவே கூடும், தானாகவே குறையும். யாரும் நன்றாக இருக்கும் வாரத்தில் பத்தியம் தொடங்குவதில்லை. படுமோசமான வாரத்தில்தான் தொடங்குகிறோம். அதற்கடுத்த வாரம் சற்றுக் குறைவது இயல்பு, பாலை நிறுத்தாவிட்டாலும் குறைந்திருக்கும். ஆனால் புகழ் பாலை நிறுத்தியதற்குப் போகிறது. மூன்று வாரம் கழித்துத் தடிப்பு திரும்ப வரும்போது பால் திரும்ப வந்திருக்காது, அதனால் நெய்யைக் குற்றம் சொல்லத் தொடங்குகிறோம்.

மூன்றாவது, உணவு அலர்ஜிக்கென்று ஒரு நடத்தை உண்டு. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். அதே உணவைச் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வரும். ஒரு நாளுக்குள் அடங்கிவிடும், சாப்பிடாத நாளில் வராது. மதியம் சாப்பிட்ட மீனுக்கு நள்ளிரவில் தடிப்பு வந்தால், போன வாரம் அதே மீன் ஒன்றும் செய்யவில்லையென்றால், மீனே சாப்பிடாத செவ்வாய்க்கிழமையும் வந்ததென்றால், மீன் காரணமல்ல. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. கோதுமை சாப்பிட்ட பிறகு ஓடினாலோ உடற்பயிற்சி செய்தாலோ மட்டும் ஒவ்வாமை வருபவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கும் தினமும் வருவதில்லை. எப்போதாவது, கடுமையாக வரும்.

உணவில் சேர்க்கும் நிறமிகள், பதப்படுத்திகள் சிலருக்குத் தடிப்பைக் கூட்டுவது உண்மைதான். அந்தச் சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் உணவு முறையை மூன்று நான்கு வாரம் மட்டும் கடைப்பிடித்துப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் அன்றே கைவிட்டுவிடுங்கள். முடிவுத் தேதி வைக்காமல் பத்தியம் தொடங்காதீர்கள். என்னிடம் வருபவர்களில் பல பெண்கள் தடிப்பைவிடப் பத்தியத்தால்தான் மெலிந்து போயிருக்கிறார்கள். வீட்டுக்கே சமைத்துப் போட்டுவிட்டு ரசஞ்சாதம் மட்டும் சாப்பிடும் அம்மாக்களை நினைத்துத்தான் இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

பெரிய அலர்ஜி பேனல் எடுத்தேன். தூசிப்பூச்சி, கரப்பான், இறால் எல்லாம் பாசிட்டிவ். இறாலை விட்டுடணுமா?

இறால் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் எப்போதாவது உடம்பு தடித்திருக்கிறதா? இல்லையென்றால் விட வேண்டியதில்லை.

அந்தப் பரிசோதனை உங்கள் ரத்தத்தில் குறிப்பிட்ட பொருள்களுக்கான ஐஜிஇ எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இருப்பது வேறு, அதனால் நோய் வருவது வேறு. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, கரப்பான், இறால் மூன்றின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கிறது. தூசிப்பூச்சிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் பரிசோதனைக் குழாயில் இறாலோடும் ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் தூசிப்பூச்சிக்குப் பாசிட்டிவ் வருவது சர்வசாதாரணம். எனவே இறாலை நிம்மதியாகச் சாப்பிட்டு வருபவருக்கும் தாளில் இறால் பாசிட்டிவ் என்று வரலாம். உணவுக்கான ஐஜிஜி பரிசோதனை என்று விற்கப்படுவது இதைவிட மோசம். நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. அரிசியும் பாலும் பாசிட்டிவ் ஆவது அதனால்தான்.

அப்போ என்ன டெஸ்ட்தான் எடுக்கணும்?

அணுக்களின் வகை எண்ணிக்கையோடு கூடிய ரத்தப் பரிசோதனை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி. தோல் மருத்துவர் தேவையென்று கருதினால் மொத்த ஐஜிஇ அளவும், தைராய்டுக்கு எதிரான டிபிஓ எதிர்ப்பொருளும். ஆரம்பத்தில் இவை போதும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தால் குடற்புழு உண்டா என்று பார்ப்பது நம் ஊருக்குப் பொருந்தும். மற்றவை உங்கள் உடம்பு சொல்லும் அறிகுறியைப் பொறுத்தே.

அப்படின்னா காரணத்தையே தேட வேண்டாம்னு சொல்றீங்களா?

அப்படி இல்லை. தேடினால் கிடைக்கக்கூடிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. அங்கே தேடுங்கள்.

முதல் இடம் வலி மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மருந்துகள் இந்த நோயாளிகளில் கணிசமான பேருக்குத் தடிப்பைக் கிளறிவிடும். தலைவலி, மாதவிடாய் வலி, பல்வலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையின் பின்புறம் உள்ள பெயரைப் படியுங்கள். பல கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்றும் சேர்ந்திருக்கும். தனிப் பாராசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் பேச வேண்டும்.

இரண்டாம் இடம், உடம்பின் மேல் நேரடியாகப் படும் ஏதாவது ஒன்றால் வரும் தடிப்பு. இது தனி வகை. நகத்தால் கீறிய இடம் சில நிமிடத்தில் கோடாகத் தடித்து எழும்பினால் ஒரு வகை. வெயிலில் நடந்தோ மாடிப்படி ஏறியோ வியர்க்கும்போது கடுகளவு தடிப்புகள் பொடிப்பொடியாகப் பூத்து முள்ளாய்க் குத்தினால் இன்னொரு வகை. பையின் பட்டை அழுத்திய தோளும், இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவின் தடமும் நாலைந்து மணி நேரம் கழித்து வீங்கினால் அது அழுத்தத்தால் வருவது. குளிர்ச்சியால் வருகிறதா என்று அறிய, மருத்துவர் மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஐஸ்கட்டியை வைத்து முன்கையில் 5 நிமிடம் அழுத்திவிட்டு, எடுத்த 10 நிமிடம் கழித்துப் பார்ப்பார். அது தடித்தால், ஆற்றிலோ கிணற்றிலோ திடீரென்று குதிப்பது ஆபத்து. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் கொட்டினால் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும். இந்த வகைகளில் காரணம் கையில் கிடைக்கிறது, தவிர்க்கவும் முடிகிறது. ஆனாலும் மற்றத் தடிப்புக்குத் தரும் அலர்ஜி மாத்திரைதான் இதற்கும்.

மன அழுத்தம், காய்ச்சல், மது, புழுக்கம் இவையெல்லாம் இருக்கிற நோயைக் கூட்டும். நோயைப் படைப்பவை அல்ல.

மாத்திரை போட்டா நிக்குது, விட்டா வருது. அரிக்கும்போது மட்டும் ஒண்ணு போட்டுக்கிறேன். அது தப்பா?

நான் அதிகம் திருத்தும் பழக்கம் இதுதான். அரிப்பு தொடங்கிய பிறகு போடும் மாத்திரை, ஹிஸ்டமின் தன் வேலையை முடித்த பிறகு வருகிறது. பேருந்து கிளம்பும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, ஹிஸ்டமின் வந்து உட்காரும் ஏற்பிகளில் மாத்திரை முன்கூட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும். தடிப்பு வந்த பின் போட்ட மாத்திரையால் ஒரு மணி நேரத்தில் குறைந்ததாக நினைக்கிறோம். பல சமயம் அந்தத் தடிப்பு தானே மறையும் நேரம் அது.

எனவே அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, தினமும், ஒரே நேரத்தில் போட வேண்டும். மாலையில் வருபவருக்கு மதியத்துக்குப் பிறகு ஒரு நேரம் வைத்துக்கொள்வது வசதி. விட்டால் வருகிறது என்பதால் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம் என்று பொருளல்ல. உள்ளே நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்த மாத்திரை என்பதும் முக்கியம். பழைய வகையான ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின், ஹைட்ராக்சிசின் மூளைக்குள் நுழைந்து தூக்கத்தையும் மந்தத்தையும் தருகின்றன. தூங்க வைப்பதால் அரிப்பு தெரியாமல் போகிறது, மறுநாள் வண்டி ஓட்டும்போது கவனம் சிதறுகிறது. இன்றைய வழிகாட்டுதல்கள் இவற்றைத் தினசரி சிகிச்சைக்குப் பரிந்துரைப்பதில்லை. பயன்படுத்த வேண்டியவை இரண்டாம் தலைமுறை மாத்திரைகள். ஒரு நாளுக்கான வழக்கமான அளவு செட்ரிசின் 10 மி.கி., லெவோசெட்ரிசின் 5, லோராடடின் 10, டெஸ்லோராடடின் 5, ஃபெக்ஸோஃபெனாடின் 180, பிலாஸ்டின் 20 மி.கி. இது பெரியவர்களுக்கான கணக்கு. குழந்தைகளுக்கு வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒண்ணு போதலைன்னு டாக்டர் நாலு வரைக்கும் ஏத்தலாம்கிறார். நாலு மாத்திரையா? கிட்னி என்ன ஆகும்?

உங்கள் மருத்துவர் சரியாகச் சொல்கிறார். ஒரு மாத்திரையின் அளவு மூக்கொழுகல் போன்ற தொல்லைகளையும் மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்பட்டது. நாள்பட்ட தடிப்பில் தோலில் ஹிஸ்டமின் வெள்ளமாகக் கொட்டுகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு மாத்திரை போதாது. ஐரோப்பிய, ஆசிய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், ஒரு மாத்திரையை 2 முதல் 4 வாரம் தினமும் போட்டும் அடங்காவிட்டால் அதே மருந்தை நான்கு மடங்கு வரை உயர்த்தலாம் என்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட அளவைத் தாண்டுவதால் இதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

இதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, அதே மருந்தை உயர்த்தாமல் காலையில் ஒன்று, மதியம் வேறொன்று, இரவு இன்னொன்று என்று கலப்பது. பக்கவிளைவு வந்தால் எதனால் என்றே தெரியாது. இரண்டு, இரண்டே நாளில் "கேட்கவில்லை" என்று மாற்றுவது. மூன்று, மருந்து உள்ளே போக விடாமல் சாப்பிடுவது. பிலாஸ்டினை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ வெறும் வயிற்றில் போட வேண்டும். ஃபெக்ஸோஃபெனாடினைத் தண்ணீரோடு போடுங்கள், ஆரஞ்சு, ஆப்பிள் சாறு வேண்டாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தும் அதைத் தடுக்கும், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த மாத்திரைகள் அதைக் கெடுப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து வெளியேறாமல் தேங்கும். குறிப்பாக செட்ரிசின், லெவோசெட்ரிசின் அளவைக் குறைக்க வேண்டும், உயர்த்தும் பேச்சே இல்லை. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். அளவு கூடும்போது பொதுவாக வரும் தொல்லை தூக்கம்தான். செட்ரிசினில் அதிகம், ஃபெக்ஸோஃபெனாடினிலும் பிலாஸ்டினிலும் குறைவு.

மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? சில நாள் நல்லா இருக்கு, சில நாள் இல்ல.

சாப்பாட்டு டைரியை மூடிவிட்டு மதிப்பெண் டைரி தொடங்குங்கள். தினமும் இரவில் இரண்டே எண். கடந்த 24 மணி நேரத்தில் தடிப்பு இல்லையென்றால் 0, இருபதுக்குக் குறைவு 1, இருபது முதல் ஐம்பது வரை 2, அதற்கு மேலோ ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்தாலோ 3. அரிப்பு இல்லையென்றால் 0, லேசாக 1, தொல்லையாக 2, தூக்கத்தையோ வேலையையோ கெடுத்தால் 3. ஏழு நாளையும் கூட்டினால் 0 முதல் 42 வரை ஒரு எண் கிடைக்கும். 6-க்குள் இருந்தால் நல்ல கட்டுப்பாடு. 28 முதல் கடுமை. இலக்கு 0.

நோயாளிகள் பலரிடம் பார்ப்பதைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 34 வயது ஆசிரியை, ஏழு மாதத் தடிப்பு. அரித்தால் மட்டும் மாத்திரை, நான்கு உணவுகள் விலக்கு. முதல் வார மதிப்பெண் 31. தினமும் இரவு லெவோசெட்ரிசின் 5 மி.கி. போடத் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து 22. குறைந்திருக்கிறது, போதாது. காலை ஒன்று, இரவு ஒன்று ஆக்கியதும் 14. ஆனால் முதல் பாடவேளையில் கண் சொக்குகிறது என்றார். அதனால் மருந்தை ஃபெக்ஸோஃபெனாடினுக்கு மாற்றி, 180 மி.கி. காலையும் இரவும். இரண்டு வாரத்தில் 12. காலை இரண்டு, இரவு இரண்டு ஆக்கிய மூன்றாம் வாரம் 2, அதன்பின் 0. இடையில் ஒரே ஒரு வாரம் 11-க்கு ஏறியது. விசாரித்தால், இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக் மூன்று நாள். டைரி கண்டுபிடித்த ஒரே குற்றவாளி அது. விலக்கிய நான்கு உணவையும் இப்போது சாப்பிடுகிறார்.

'சில நாள் நல்லா இருக்கு' என்பதை வைத்து யாராலும் அளவை முடிவு செய்ய முடியாது. 22 என்பதை வைத்து முடியும்.

பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டா அஞ்சே நிமிஷத்துல அமுங்குது. அதையே போட்டுக்கிட்டா என்ன?

அந்த ஊசியில் பெரும்பாலும் ஃபெனிரமினோடு டெக்ஸாமெத்தசோன் அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். தாங்க முடியாத ஒரு தாக்குதலின்போது சில நாள், அதிகபட்சம் பத்து நாள் வரை ஸ்டீராய்டு மாத்திரை தருவதில் நியாயம் உண்டு. வாராவாரம் ஊசியாகவோ, "சின்ன வெள்ளை மாத்திரை" என்று மருந்துக்கடையில் கேட்டு மாதக்கணக்கிலோ எடுத்தால் சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். நிறுத்தினால் தடிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பிவருவதைப் பலர் அனுபவத்தில் அறிவார்கள். ஏற்கெனவே பல வாரமாக எடுத்துக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சொந்தச் சுரப்பு அடங்கிப்போயிருக்கும். மருத்துவர் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

நாலு மாத்திரைக்கும் அடங்கலைன்னா?

ஐந்தாவது மாத்திரை இல்லை. நான்கு மடங்கை 2 முதல் 4 வாரம் ஒழுங்காகப் போட்டும் மதிப்பெண் இறங்காவிட்டால் அடுத்த படி ஓமலிசுமாப் ஊசி. ஐஜிஇ எதிர்ப்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்து இது, 2014 முதல் இந்த நோய்க்கு அங்கீகாரம் பெற்றது. 4 வாரத்துக்கு ஒரு முறை 300 மி.கி. தோலுக்கடியில் போடுவார்கள். சிலருக்கு முதல் ஊசியிலேயே அடங்கும், சிலருக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் முதல் ஊசிகளை மருத்துவமனையில் போட்டுக்கொண்டு சற்று நேரம் காத்திருக்க வேண்டும். இதன் தடை விலைதான். அதனால் நம் ஊரில் பலர், நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்துக்குப் போக நேர்கிறது. அதுவும் வேலை செய்யும், ஆனால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து கண்காணிக்காமல் எடுக்கக் கூடாத மருந்து அது.

வாழ்க்கை முழுக்கப் போடணுமா? எப்போ நிறுத்தலாம்?

மதிப்பெண் 0 ஆன மறுநாளே நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்வது. மூன்றாம் நாள் தடிப்பு வந்ததும் "மருந்தே சரியில்லை" என்று மருத்துவரை மாற்றுகிறார்கள். நான் பின்பற்றுவது, முழுக் கட்டுப்பாட்டில் மூன்று மாதம் அதே அளவு. பிறகு மாதம் ஒரு மாத்திரையாகக் குறைப்பது. நான்கு மாத்திரை எடுப்பவர் நிறுத்தி முடிக்க இப்படிப் பார்த்தால் இன்னும் நான்கு மாதம் ஆகும். குறைக்கும் வழியில் தடிப்பு திரும்பினால், கடைசியாக நன்றாக இருந்த அளவுக்கு ஏறி, சில மாதம் கழித்து மீண்டும் முயல வேண்டும். மேலே சொன்ன ஆசிரியைக்கு மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தபோது 9 ஆனது. மூன்றுக்கே திரும்பினார். அடுத்த முயற்சியில் தடையில்லாமல் இறங்கினார். நோய் தணிந்துவிட்டதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. குறைத்துப் பார்ப்பதுதான் பரிசோதனை.

குழந்தைக்கு முயற்சி பண்றோம். மாத்திரை தொடரலாமா?

லோராடடினும் செட்ரிசினும் கர்ப்பகாலத்தில் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருபவை. அளவை மகப்பேறு மருத்துவரும் தோல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். கூடுமானவரை வழக்கமான அளவிலேயே நிறுத்துவார்கள். வேறு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்வது நல்லது.

நிறுத்தின சாப்பாட்டையெல்லாம் எப்படித் திரும்ப ஆரம்பிக்கிறது? பயமா இருக்கு.

தினசரி மாத்திரையில் மதிப்பெண் ஓரிரு வாரம் 6-க்குள் நின்ற பிறகு தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு உணவு. திங்களன்று முட்டை என்றால் அந்த வாரம் இரண்டு மூன்று முறை முட்டை சாப்பிடுங்கள், வேறு புதிதாக எதுவும் வேண்டாம். மதிப்பெண்ணை வழக்கம்போல் எழுதுங்கள். ஒரு நாள் தடிப்பு வந்தால் உடனே முட்டையை விலக்காமல் நேரத்தைப் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வந்ததா, அடுத்த முறையும் அப்படியே வந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். அந்த ஒரு உணவுக்கு மட்டும் பரிசோதனை செய்து பார்க்கலாம். முன்பு எந்த உணவுக்காவது மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால், அதை மட்டும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.